சட்டைக் காலரில் மஞ்சள், அக்குளில் வெள்ளை: கறை எங்கிருந்து வருகிறது, எப்படிப் போக்குவது?

மாசாய் – பள்ளிப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடும்போதுதான் பல வீடுகளில் இந்தக் கறை கண்ணில் படுகிறது. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் துருப்பிடித்தது போன்ற மஞ்சள் கோடு. துவைப்பதற்கு முன் அது அங்கே இருந்ததாக நினைவில்லை. சரியாகக் கசக்கவில்லையோ என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் சலவைத்தூள் போட்டுத் துவைக்கிறார்கள், கறை அழுத்தமாகிறது. கடைசியில் குளோராக்ஸ் என்று எல்லாரும் சொல்லும் வெளுப்பு நீரில் ஊற வைக்கிறார்கள். மஞ்சளாக இருந்தது செம்பழுப்பாகிவிடுகிறது. சட்டை வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட, வருட நடுவில் இன்னொரு பள்ளிச் சட்டை வாங்க வேண்டியதாகிறது.

இங்கே நடப்பது துவைப்பவரின் அலட்சியம் அல்ல. பிள்ளையின் கழுத்தில் தடவிய சன்ஸ்கிரீன் களிம்பும் குழாய்த் தண்ணீரில் வந்த இரும்பும் துணியில் சேர்ந்து உண்டாக்கிய நிறம் அது. இதை அழுக்காக நினைத்துத் துவைத்தால் போகாது. துருவாக நினைத்துக் கையாண்டால் பெரும்பாலும் போய்விடும்.

ஆரத்தித் தட்டில் நடப்பதுதான் இங்கேயும்

வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பதற்காகப் பல சன்ஸ்கிரீன் களிம்புகளில் அவோபென்சோன் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். டியூபின் பின்பக்கம் அந்தப் பெயரே இருக்கலாம். அல்லது பியூட்டில் என்று தொடங்கி மீத்தேன் என்று முடியும் நீளமான பெயர் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் களிம்பின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து கழுத்திலிருந்து காலருக்கு ஏறிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அதற்கு நிறம் இல்லை என்றே சொல்லலாம். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நிறம் வருவது தண்ணீர்த் தொட்டியில். நம் வீடுகளில் ஆரத்தி கரைப்பதை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு துளி சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடுகிறது. அதே நீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிறது. மஞ்சளில் உள்ள குர்குமினும் சன்ஸ்கிரீனில் உள்ள அவோபென்சோனும் வேதியியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காரத் தன்மை பட்டால் இரண்டுக்கும் நிறம் மாறும். இரும்பு கிடைத்தால் இரண்டும் அதைப் பற்றிக்கொள்ளும். சலவைத்தூள் கரைத்த தண்ணீர் காரத் தன்மை உடையது. அந்தக் காரத்தில் காலரில் இருக்கும் அவோபென்சோன் தண்ணீரில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு துரு நிறமாக மாறுகிறது. மஞ்சள் மறையும் என்று நம்பி இரட்டிப்புத் தூள் போடும்போது கறை ஏன் அழுத்தமாகிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

குளோராக்ஸ் இதில் இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. அதில் உள்ள குளோரின், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் இரும்பையும் துருவாக மாற்றித் துணியில் படிய வைக்கிறது. அவோபென்சோன் கறையையும் இன்னும் செந்நிறமாக்கிவிடுகிறது. வெளுக்க ஊற்றியது சாயம் போட்டதாகிவிடும்.

மாசாய்க்குத் தெரிந்த பழுப்புத் தண்ணீர்

தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் அது துணியிலும் குழாய்ச் சாதனங்களிலும் கறை படியச் செய்யும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி சொல்கிறது. குடிப்பதற்குக் கெடுதல் இல்லாத அளவே வெள்ளைச் சட்டையைக் கெடுக்கப் போதும் என்பது இதன் பொருள். காலரில் அவோபென்சோன் காத்திருந்தால் அந்தச் சிறிய அளவும் அங்கேயே வந்து சேருகிறது. சட்டை முழுவதும் வெள்ளையாக இருக்க, கழுத்துப் பட்டை மட்டும் மஞ்சளாவது இதனால்தான்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், வழியில் உள்ள பழைய இரும்புக் குழாய்களிலும் வீட்டுக் குழாய்களிலும் இரும்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அதிலும் தண்ணீர் நின்று மறுபடி வரும் நாள்தான் மோசம். 2015 ஆகஸ்டில் சுங்கை லாயாங் அணையின் நீர்மட்டம் சரிந்து, மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் அட்டவணை போட்டுத் தண்ணீர் கொடுத்த காலத்தை இங்குள்ள குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. வாளிகளும் டிரம்களும் வாசலில் வரிசையாக நின்ற நாள்கள் அவை. காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது உள்சுவரில் படிந்திருந்த துருவும் கழன்று வரும். இன்றும் குழாய் உடைந்து பழுது பார்த்த மறுநாள் வரும் முதல் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் வந்துவிட்டதே என்று தேங்கிக் கிடந்த வெள்ளைத் துணிகளை அந்த நேரத்தில் போடுவதே சட்டைக்கு வரும் பெரிய ஆபத்து.

தோட்டப்புறங்களில் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ பயன்படுத்துவோர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீரில் இருக்கும் இரும்பு முதலில் கண்ணுக்குத் தெரியாது. இறைக்கும்போது தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். காற்றுப் பட்டுச் சில மணி நேரம் ஆன பிறகே பழுப்பாகும். வீட்டில் சோதிக்க வெள்ளை வாளி ஒன்று போதும். இரவில் நிரப்பி வைத்து, காலையில் அசைக்காமல் பார்க்க வேண்டும். அடியில் பழுப்பு வண்டல் தங்கியிருந்தால் அந்தத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் வெள்ளைத் துணிக்கு மட்டும் முந்தின இரவே தண்ணீர் பிடித்து வைத்து, அடி வண்டலைக் கலக்காமல் மேல் நீரை மொண்டு எடுத்தால் கறை கணிசமாகக் குறையும். கரைந்தே நிற்கும் இரும்பு இதில் முழுவதும் நீங்கிவிடாது.

எந்த மஞ்சள் என்று முதலில் தெரிய வேண்டும்

காலரில் தெரியும் எல்லா மஞ்சளும் சன்ஸ்கிரீன் அல்ல. கழுத்தைச் சுற்றிச் சாம்பலும் பழுப்புமாகக் கோடு விழுந்து, துவைக்கும் முன்பே தெரிந்தால் அது வியர்வையும் தோல் எண்ணெயும். அதற்குச் சவர்க்காரமே போதும். கோயிலுக்குப் போய்வந்த சட்டையில் மஞ்சள் பட்டிருந்தால், சவர்க்காரம் தொட்டதும் அந்த இடம் சிவக்கும். வெயிலில் காயப் போட்டால் நாளுக்கு நாள் வெளிறும். சன்ஸ்கிரீன் கறை துவைத்த பிறகே தோன்றும், வெயிலுக்கு அசையாது.

சந்தேகம் இருந்தால் காலரின் ஓரத்தில் இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். துளி பட்ட வட்டம் மட்டும் சற்றே வெளுத்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பள்ளிச் சட்டையை எடுத்துக்கொள்வோம்

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த சாதாரண வெள்ளைப் பள்ளிச் சட்டை. காலரில் துரு மஞ்சள். இரண்டு மூன்று முறை துவைத்தாகிவிட்டது, குளோராக்ஸ் படவில்லை.

காலரில் இன்னும் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். அதை முதலில் எடுக்காவிட்டால் அடுத்துப் போடும் புளிப்பு நீர் கறைக்குள் இறங்காது. அதனால் உலர்ந்த காலரிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். முதலில் நனைத்துவிட்டுத் திரவத்தை ஊற்றுவதில் பயன் குறைவு. பிறகு வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலச வேண்டும்.

அடுத்தது புளிப்பு. கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் சிட்ரிக் அமிலம் சிறு பொட்டலமாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கரைத்து, காலர் முழுகும்படி அரை மணி நேரம் ஊற வைக்கலாம். பிளாஸ்டிக் பாத்திரமே நல்லது. இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. இந்தப் புளிப்பு நீர், அவோபென்சோனின் பிடியிலிருந்து இரும்பைக் கழற்றித் தன்னோடு கரைத்து எடுத்துக்கொள்கிறது. பத்து நிமிடத்துக்குள் கோடு மங்குவது தெரிந்தால் வழி சரி. அரை மணியில் பாதி போயிருந்தால் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்து மறுபடி வைக்கலாம். பழைய நீரிலேயே நாள் முழுவதும் போட்டு வைப்பதைவிட இரண்டு முறை புது நீர் மாற்றுவது நல்ல பலன் தரும்.

சிட்ரிக் அமிலம் கையில் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்யும். கறைமேல் உப்பைத் தூவி, சாறு பிழிந்து, காயவிடாமல் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் பெலிம்பிங் பூலோ மரம் வைத்திருப்பவர்கள் அதன் காயையும் நசுக்கிப் பயன்படுத்தலாம். அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. கிரிஸ் கத்தியின் அலகைச் சுத்தம் செய்வதற்கும் துணியில் படிந்த துருக்கறையை எடுப்பதற்கும் மலாய் உலகில் பழங்காலத்திலிருந்தே இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சம்பால் அரைக்கும் காய் சட்டையையும் காப்பாற்றும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சமையல் புளியை மட்டும் கொண்டுவர வேண்டாம்; புளிப்பு இருந்தாலும் அதன் பழுப்பு நிறம் துணியில் ஏறிவிடும்.

கறை போனதும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, சலவைத்தூளுக்குப் பதிலாகச் சலவைத் திரவத்தில் துவைக்க வேண்டும். திரவங்களில் பொதுவாகக் காரம் குறைவு. ஈரமாக இருக்கும்போதே வெளிச்சத்தில் காலரைப் பார்த்து, கறை முழுவதும் போனதை உறுதி செய்த பிறகுதான் காயப் போட வேண்டும். மிச்சம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சூடு அதை நூலோடு இறுக்கிவிடும்.

இத்தனைக்கும் அசையாத கறைக்கு, ஹார்ட்வேர் கடைகளில் விற்கும் ஆக்சாலிக் அமிலத் துரு நீக்கி உண்டு. அது நச்சுப் பொருள். கையுறை அணிந்து, புட்டியில் எழுதிய அளவை மீறாமல், வெள்ளைத் துணிக்கு மட்டும் சில நிமிடங்கள் பயன்படுத்தி, பல முறை அலச வேண்டும். சமையலறையிலோ பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலோ வைக்கக் கூடாது.

எலுமிச்சை, வினிகர், சிட்ரிக் அமிலம், துரு நீக்கி ஆகிய எதையும் குளோராக்ஸோடு கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். கதவு சாத்திய குளியலறையில் அது மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். சட்டை ஏற்கெனவே குளோராக்ஸில் ஊறியிருந்தால், அதன் வாடை முற்றிலும் போகும்வரை அலசி, காய வைத்து, மறுநாள்தான் புளிப்பில் போட வேண்டும்.

அக்குளில் இருப்பதும் ஓர் உலோகம்

டியோடரண்ட் கறையின் கதை வேறு. ஆனால் அதிலும் ஓர் உலோகம் இருக்கிறது. வாடையை மட்டும் போக்கும் டியோடரண்டுக்கும் வியர்வையையே தடுக்கும் வகைக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகையில் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைத்து வைக்கிறது. பாட்டி காலத்துப் படிகாரமும் அலுமினிய உப்புதான். தாவாஸ் என்று கடையில் கட்டியாக விற்பதும் அதே. ஆகவே படிகாரத்துக்கு மாறினால் அலுமினியத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பது சரியல்ல.

கறுப்புச் சட்டையைத் தலைவழியாகப் போடும்போது விலாப் பக்கம் விழும் வெள்ளைக் கோடு, காய்ந்து உதிரும் இந்த உப்பும் மெழுகும்தான். அதற்குத் தண்ணீர் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் பரவும். பழைய காலுறையையோ அதே சட்டையின் உள்பக்கத்தையோ வைத்து உலர்ந்த நிலையிலேயே தேய்த்தால் போய்விடும். ரோல்-ஆன் தடவியதும் இரண்டு மூன்று நிமிடம் காயவிட்டுச் சட்டை போட்டால் கோடே விழாது. காலை ஐந்து மணிக்கு சிங்கப்பூர் வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் பெரிதுதான். அவர்கள் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளைச் சட்டையின் அக்குளில் துணி தடித்து, விறைத்து, மஞ்சளாவதுதான் உண்மையான தொல்லை. ஒவ்வொரு நாளும் அலுமினிய உப்பு வியர்வையின் புரதத்தோடும் தோல் எண்ணெயோடும் சேர்ந்து நூலில் படிகிறது. சலவைத்தூளின் காரம் பட்டதும் அந்த அலுமினியம் தண்ணீரில் கரையாத பசையாகித் தங்கிவிடுகிறது. அதன்மேல் அடுத்த நாள் படிவு. குளோராக்ஸ் புரதத்தை இன்னும் மஞ்சளாக்கும்.

இங்கும் புளிப்பில்தான் தொடங்க வேண்டும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரி பாதியாகக் கலந்த நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் அலுமினியப் படிவு இளகும். கையால் தொட்டாலே விறைப்பு குறைந்தது தெரியும். நன்றாக அலசிய பிறகு, ஆக்சிஜன் வெளுப்புத் தூள் என்று விற்கப்படும் சோடியம் பெர்கார்பனேட்டைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி, கை பொறுக்கும் சூட்டு நீரில் கரைத்து ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் எஞ்சிய மஞ்சள் வெளுக்கும். வினிகரையும் சோடா மாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்க விடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது ஏறக்குறைய உப்பு நீர்தான்.

ஒரே சட்டையில் காலரும் அக்குளும் கறையாகியிருந்தால் காலரின் இரும்பை முழுவதும் எடுத்த பிறகே ஆக்சிஜன் தூளில் போட வேண்டும். இரும்பு மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் வெளுப்பு வேகம் அளவுக்கு மீறிப் போய், பருத்தி நூலை அரித்துவிடும். காலர் வெண்மையாகி, இரண்டு மாதத்தில் அதே கோட்டில் கிழிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

களிம்பை விட்டுவிட வேண்டுமா?

மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கும் பனைத்தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்பவருக்கும் வெயில் காப்பு தேவை. அவோபென்சோன் இல்லாமல் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கொண்ட களிம்புகள் கிடைக்கின்றன. இவை இரும்போடு சேர்ந்து மஞ்சளாவதில்லை. காலரில் விழும் வெள்ளைப் பூச்சு சவர்க்காரத்தில் போகும். ஆனால் நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சில களிம்புகள் திருநீறு பூசியதுபோல் சாம்பல் பூத்துத் தெரியும். பதின்ம வயதுப் பிள்ளைகள் அதைத் தடவிக்கொள்ள மறுப்பார்கள், அதில் வியப்பில்லை. அப்படியானால் பழைய களிம்பையே, சட்டை போடுவதற்கு ஒரு பதினைந்து நிமிடத்துக்கு முன் தடவிக் காயவிடுவதும், மாலையில் சட்டையைக் கழற்றியதும் காலரில் பாத்திரத் திரவத்தைத் தேய்த்து அலசிவிடுவதும் போதும். இரும்பைச் சந்திக்கும் முன்பே எண்ணெய் போய்விட்டால் கறைக்கு வழியில்லை.

பட்டு ஜிப்பா, பட்டு ரவிக்கை, ஜரிகைக் கரை வேட்டி ஆகியவற்றில் மேலே சொன்ன எதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். புளிப்பு ஜரிகையைக் கறுக்க வைக்கலாம். ஆக்சிஜன் தூள் பட்டைக் கெடுக்கும். சலவைக் கடையில் கொடுக்கும்போது வெறுமனே வியர்வைக் கறை என்று சொல்லாமல், சன்ஸ்கிரீன் பட்டது, தண்ணீரில் துவைத்தாகிவிட்டது என்ற இரண்டையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். துருக்கறைக்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்து வேறு, வியர்வைக் கறைக்கு வைத்திருப்பது வேறு.